பெட்டிக்குப் பக்கத்தில் அம்மாவுக்கும் ஒரு கட்டில் போடுங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைப் பிரிவையும் மகப்பேறு பிரிவையும் நடத்தும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். பச்சிளம் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவுகளில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் நான். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எடை குறைந்து பிறந்த குழந்தையைச் சூடேற்றும் வார்மரில் வைக்கிற அதே அறையில், குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் வைத்திருக்கும் கங்காரு பராமரிப்புக்காக, அதன் தாய்க்கும் ஒரு கட்டில் போடுங்கள். பிறந்த முதல் மணி நேரங்களிலேயே போடுங்கள். குழந்தை தேறிய பிறகு, எடை கூடிய பிறகு, ‘ஸ்டேபிள்’ ஆன பிறகு என்று தள்ளிப் போடாதீர்கள்.

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 9 பேர் முதல் 28 நாளுக்குள் இறந்தார்கள். நாட்டின் சராசரி அப்போது 20. நல்ல கணக்குதான், பாடுபட்டு வந்த கணக்குதான். ஆனால் கேரளத்தில் அது 4. நாடு முழுவதற்குமான அந்த 20 இறப்புகளில் 15 முதல் வாரத்திலேயே நடந்துவிட்டன. நம் மாநிலத்தில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 99.6 சதவீதம். அப்படியென்றால் அந்த முதல் வாரத்தின் பெரும்பகுதி நம் கூரைக்குக் கீழேதான் கழிகிறது. ‘கிழவி மருத்துவச்சி அரிவாளால் கொடியை அறுத்தாள்’ என்ற பழைய விளக்கம் இங்கே செல்லாது.

முதல் வாரத்தில் குழந்தை இறப்பதற்கான பெரிய காரணங்கள் நான்கு: குறைமாதம், பிறக்கும்போது மூச்சுத் திணறல், கிருமித்தொற்று, பிறவிக் குறைபாடு. இவை எல்லாவற்றுக்கும் கங்காரு பராமரிப்பு மருந்து என்று நான் சொல்லவில்லை. பிறந்ததும் மூச்சு விடாத குழந்தைக்கு வேண்டியது, முதல் ஒரு நிமிடத்துக்குள், காற்றை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கைக் கையில் எடுக்கத் தெரிந்த ஒருவர். இதயத்தில் பெரிய ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கு வேண்டியது வேறு. நான் பேசுவது குறைமாதம், கிருமித்தொற்று என்ற இரண்டைப் பற்றி. இறப்புப் படிவத்தில் இந்த இரண்டையும் ஏதோ தலைவிதிபோல எழுதி முடித்துவிடுகிறோம். உண்மையில் அவை மணிக்கணக்கில் நம் கண்முன்னே நடக்கிற காரியங்கள்.

ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல இது. எந்த மாவட்டத்தில் வேலை பார்த்த செவிலியரைக் கேட்டாலும், இந்த வரிசை தெரியும் என்பார்.

தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. முப்பத்து மூன்றாம் வாரத்தில், நள்ளிரவு தாண்டி, சிசேரியன். தியேட்டரில் ஏசி, அறுவை செய்பவர்களுக்கு இதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. 1,550 கிராம் எடையுள்ள ஆண் குழந்தை. பிறந்ததும் அழுகிறான், நிறமும் நன்றாக இருக்கிறது. கொடியை உடனே வெட்டி, துடைத்து, எடை போட்டு, பச்சைத் துணியில் சுற்றி, ஆயாவும் குழந்தையின் மாமாவும் மாடி ஏறி வராந்தா கடந்து எங்கள் பிரிவுக்குக் கொண்டு வருகிறார்கள். வந்ததும் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 35.1 டிகிரி செல்சியஸ். இருக்க வேண்டியது 36.5க்கும் 37.5க்கும் நடுவில். 36க்குக் கீழே போனாலே அது மிதமான குளிர்ச்சி என்ற கணக்கில் வந்துவிடும். கை வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு நெஞ்சு லேசாக வெதுவெதுப்பாகவும் பாதம் சில்லென்றும் இருக்கும். ‘கொஞ்சம் குளிர்ந்திருக்கு’ என்று சொல்லி வார்மரைப் போடுவோம்.

அந்தக் ‘கொஞ்சம்’ என்ன செய்கிறது? பெரியவர்களைப்போலக் குழந்தை நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்கும். அந்தக் கொழுப்பு கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் சேர்கிறது. 33 வாரத்தில் பிறந்தவனிடம் அது கொஞ்சம்தான். இருப்பதை எரிக்கவும் சர்க்கரை வேண்டும், ஆக்சிஜன் வேண்டும். அதனால் ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரையைப் பார்த்தால் 38 மில்லிகிராம். 45க்குக் கீழே போனால் நாம் கவலைப்பட வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 70 ஓடுகிறது, இலேசாக முனகுகிறான். நுரையீரல் சரியாக விரியவில்லையா, குளிரால் மூச்சு வாங்குகிறதா என்று அந்த நேரத்தில் பிரித்துச் சொல்வது கஷ்டம். எனவே ஆக்சிஜன், கையில் ஊசி, பத்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ், முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாடிக். எல்லாமே சரியான சிகிச்சைதான். ஆனால் பிறந்து அழுத குழந்தை, இரண்டு மணி நேரத்தில் நான்கு இடத்தில் குத்தப்பட்ட நோயாளி ஆகிவிட்டான்.

தாய் கீழே அறுவைக்குப் பின்னான வார்டில் கிடக்கிறாள். இரத்த அழுத்தத்துக்கு மருந்து ஏறுகிறது, சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறது. ‘குழந்தை பெட்டியில இருக்கு, நல்லா இருக்கு’ என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அவளிடம் யாரும் பாலைப் பீய்ச்சி எடுக்கச் சொல்லவில்லை. மகப்பேறு வார்டுச் செவிலியருக்கு அவள் சிசேரியன் நோயாளி. எங்களுக்கு அவள் ஒரு கேஸ் ஷீட்டில் தாயின் பெயர். முதல் நாள் முழுதும் அவள் மார்பில் சுரக்கத் தொடங்கும் சீம்பால், சில மில்லிதான் என்றாலும், எடுப்பாரின்றி அங்கேயே நிற்கிறது. மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே வருகிறாள். பீய்ச்சினால் ஒன்றுமில்லை. ‘பால் சுரக்கலை சிஸ்டர்’ என்கிறாள். எப்படிச் சுரக்கும்? குழந்தையும் தொடவில்லை, கையும் தொடவில்லை. அதற்குள் அவனுக்குக் குழாய் வழியாகப் பால்பவுடர் போய்க்கொண்டிருக்கிறது.

நான்காம் நாள் இரவு, குழாயில் உறிஞ்சிப் பார்த்தால் கொடுத்த பாலில் பாதி செரிக்காமல் பச்சை நிறமாக வருகிறது. வயிறு உப்பியிருக்கிறது. தோல் மங்கல் நிறம். மூச்சு நடுவில் இருபது விநாடி நின்று, பாதத்தைச் சுண்டியதும் திரும்ப வருகிறது. ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்புகிறோம். ஆன்டிபயாடிக்கை மாற்றுகிறோம். ஆறாம் நாள் குழந்தை இறக்கிறான். மறுநாள் கல்ச்சர் முடிவு வருகிறது: கிளெப்சியெல்லா என்ற கிருமி, பாதி மருந்துகளுக்கு மசியாதது. படிவத்தில் ‘குறைமாதம், எடைக் குறைவு, செப்சிஸ்’ என்று எழுதுகிறோம். அதில் எந்த வார்த்தையும் பொய் இல்லை. 35.1 டிகிரி என்ற எண் மட்டும் அந்தப் படிவத்தில் எங்கேயும் இல்லை. முதல் சொட்டுத் தாய்ப்பால் எத்தனையாவது மணியில் என்பதும் இல்லை.

இப்போது அதே குழந்தையை, தாயின் நெஞ்சில் வைத்துப் பார்ப்போம். இதற்குக் கற்பனை தேவையில்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

கங்காரு பராமரிப்பு 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியது. ஒரு இன்குபேட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் போட வேண்டியிருந்த நெருக்கடியில், எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் மார்போடு கட்டிவிட்டார். ஏழை நாட்டின் மாற்று ஏற்பாடு என்ற பெயர் அதற்கு நீண்ட நாள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதோடு ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டது: குழந்தை நிலைப்பட்ட பிறகுதான் கங்காரு. நாங்கள் படித்ததும் அப்படித்தான். குழந்தை நிலைப்பட மூன்று நாள், ஐந்து நாள், ஒரு வாரம் ஆகும். இறக்கப்போகிற குழந்தைகளில் பலர் அதற்குள்ளேயே இறந்திருப்பார்கள். பிழைத்தவர்களுக்குத்தான் கங்காரு கிடைத்தது.

உலக சுகாதார நிறுவனம் இந்த நிபந்தனையைத்தான் சோதித்தது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளோடு இந்தியாவும் அதில் இருந்தது. நம் பக்கத்தில் டில்லி சப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல, நிலைப்பட்ட பிறகு கங்காரு. மறு பாதிக்குப் பிறந்தவுடனே. அந்த இரண்டாம் குழுவுக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்மாருக்குக் கட்டில் போட்டார்கள். ஆக்சிஜன், மூச்சுக்கு உதவும் சிபேப் கருவி, ஊசி எல்லாம் தாயின் மார்பில் இருக்கும்போதே நடந்தன. அங்கே இருந்த நாட்களில் குழந்தை சராசரியாக ஒரு நாளைக்கு 17 மணி நேரம் தோலோடு தோலாக இருந்தது. மற்றக் குழுவில் அது ஒன்றரை மணி நேரம்.

முதல் 28 நாளில், வழக்கமான குழுவில் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் இறந்தார்கள். உடனடி கங்காருக் குழுவில் 12. இறப்பு கால் பங்கு குறைந்தது. இதைப் பார்த்த பிறகு மற்றக் குழுவுக்கு மறுப்பது நியாயமில்லை என்று சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். முடிவுகள் 2021இல் வெளியாயின. 2022இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டலையே மாற்றியது. குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் பிறந்தவுடன், நாளொன்றுக்கு 8 மணியிலிருந்து 24 மணி நேரம் வரை கங்காரு என்பதே இப்போதைய பரிந்துரை. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் 72 மணி நேரத்து இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தபோதும் கங்காருக் குழுவில் குறைவாகத்தான் இருந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. தானாக மூச்சு விடாத குழந்தைகளை அந்தச் சோதனையில் சேர்க்கவும் இல்லை. ஆக, இது வென்டிலேட்டருக்குப் பதில் இல்லை. நான் சொன்ன 1,550 கிராம் பையனைப் போன்றவர்களுக்கானது.

எப்படி வேலை செய்கிறது என்பதில் மாயம் ஒன்றும் இல்லை. தாயின் நெஞ்சு எந்நேரமும் ஒரே சூட்டில் இருக்கிறது. வார்மருக்காகத் தோலில் ஒட்டும் வெப்பம் அளக்கும் புரோப் கழன்று விழுந்தாலும் கரண்ட் போனாலும் அது மாறாது. சூட்டுக்காகச் சர்க்கரையை எரிக்க வேண்டாம் என்பதால் சர்க்கரை தங்குகிறது. மார்பு பக்கத்திலேயே இருப்பதால் பால் சீக்கிரம் இறங்குகிறது. அந்தச் சோதனையில் உடல் குளிர்வதும் குறைந்தது, கிருமித்தொற்று என்று சந்தேகப்பட்டவர்களும் குறைந்தார்கள். குழந்தையைத் தொடும் கைகள் குறைந்தால் தொற்றும் குறையும் என்பது எங்களைப்போல வேலை பார்த்தவர்களுக்குப் புதிய செய்தி இல்லை.

சரி, இதைச் சொன்னால் வழக்கமாக வரும் முதல் மறுப்பு, ‘தாயை உள்ளே விட்டால் கிருமி வரும்’. எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு. டில்லியில் மூன்று பெரிய அரசு மருத்துவமனைகளின் குழந்தைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. அங்கே குழந்தைகளின் ரத்தத்தில் அதிகம் கிடைத்தவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை. அசினெட்டோபாக்டரில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு மசியாதது. மூன்றில் இரண்டு பங்கு தொற்று, பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. பல மருந்துகளுக்கு மசியாத கிருமி ஆன்டிபயாடிக் புழங்கும் இடத்தில் வளர்வது. நம் சிங்க்கிலும், சக்‌ஷன் குழாயிலும், ஒரே வார்மரில் இரண்டு குழந்தையைப் போடும் அவசரத்திலும், கை கழுவாமல் அடுத்த குழந்தைக்குப் போகும் நம் விரல்களிலும் இருப்பது. அரியலூரிலிருந்து வந்த ஒரு விவசாயக் கூலிப் பெண்ணின் தோலில் இருப்பதைவிட நம் மேஜையில் இருப்பதைப் பற்றித்தான் நான் பயப்படுவேன். அவளும் கை கழுவட்டும், நகம் வெட்டட்டும், வளையலைக் கழற்றட்டும். அதே விதி ரவுண்ட்ஸ் வரும் எல்லோருக்கும் பொருந்தட்டும்.

இரண்டாவது மறுப்பு உண்மையான மறுப்பு. பச்சை உடம்புக்காரி, வயிற்றில் தையலோடு, எப்படிக் குழந்தையைச் சுமப்பாள்? நம் மாநிலத்தில் அதே 2019-21 கணக்கெடுப்பில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பிரசவம் சிசேரியன் என்பதால் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. அவளுக்கு உதிரப்போக்கு இருக்கும், அழுத்தம் ஏறும். அவளைப் பார்க்க மகப்பேறு செவிலியர் குழந்தைப் பிரிவுக்குள் வர வேண்டும். அந்த மாடிப்படிதான் உண்மையான தடை. இரண்டு துறை, இரண்டு தலைமை, இரண்டு டியூட்டிப் பட்டியல். தாய் எந்தத் துறையின் நோயாளி என்ற கேள்விக்கு ஒரு அரசாணைதான் பதில் சொல்ல முடியும், ஒரு செவிலியரால் முடியாது. அதனால்தான் இந்த மடலை இரண்டு துறையினருக்கும், அவர்களுக்கு மேலே இருக்கும் உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கட்டில் விஷயத்தில் வேண்டியது பெரிதல்ல. தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய கட்டிலாக இருக்க வேண்டும். தாய் மல்லாந்து தட்டையாகப் படுத்தால் குழந்தை நிமிர்ந்து நிற்காது. 30 முதல் 45 டிகிரி சாய்வு வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து ‘கங்காரு கொடு’ என்றால் ஒரு மணி நேரத்தில் தையல் வலிக்கும், அவள் எழுந்துவிடுவாள். பக்கத்திலேயே கழிப்பறை வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பாடு அங்கேயே வர வேண்டும். தாய் மயக்கம் தெளியும்வரை அவள் அம்மாவோ அக்காவோ கணவனோ குழந்தையை நெஞ்சில் வைத்திருக்கலாம். அந்தச் சோதனையிலும் தாய்க்குப் பதில் குடும்பத்தில் ஒருவர் வைத்திருந்தது உண்டு. சட்டையைக் கழற்றச் சொன்னால் கூச்சப்படும் தகப்பன்மார், ஒருமுறை வைத்த பிறகு குழந்தையைத் திருப்பித் தர மாட்டேன் என்று சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். அது வேறு கதை.

வைக்கும் முறையில் தவறு நடக்கும் இடம் கழுத்து. குழந்தைக்குக் குல்லா, காலுறை, நாப்கின் மட்டும். இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி, கால்களைத் தவளைபோல மடக்கி, கைகளையும் மடக்கி வைக்க வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் சற்று நிமிர்ந்திருக்க வேண்டும். முகவாய் நெஞ்சில் குத்தியபடி தலை கவிழ்ந்தால் குறைமாதக் குழந்தையின் மூச்சுக்குழாய் மடங்கி அடைபட்டுவிடும். கட்டும் துணியின் மேல் விளிம்பு குழந்தையின் காது மட்டத்துக்கு வர வேண்டும், தாய் அசைந்தாலும் குழந்தை சரியாத அளவு இறுக்கமாக. வயிற்றுப் பக்கம் மட்டும் மூச்சுக்கு இடம் விட்டுத் தளர்வாக. மூக்கு தெரிகிறதா, உதடு சிவப்பாக இருக்கிறதா என்று தாய்க்கே பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டால், நாற்பது குழந்தைக்கு இரண்டு செவிலியர் இருக்கும் இரவில் அவளைவிட நல்ல மானிட்டர் கிடையாது.

ரிஜிஸ்டரில் கங்காரு பராமரிப்புக்கு ‘கே.எம்.சி. கொடுக்கப்பட்டது’ என்று ஒரு டிக் போடுவதை நிறுத்துங்கள். காலை அரை மணி, மாலை அரை மணி கொடுத்தாலும் அந்த டிக் விழுகிறது. அப்படி எடுத்து வைத்து எடுத்து வைத்துக் கொடுப்பதில் ஒவ்வொரு மாற்றத்திலும் குழந்தை குளிர்கிறது. ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து, 24 மணி நேரத்தில் மொத்தம் எத்தனை மணி என்று எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

தொப்புள் கொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதுவும் இதே முதல் வாரத்துச் சங்கதிதான். கொடியை வெட்டிய பிறகும் அதன் உள்ளே இருக்கும் ரத்தநாளம் உடனே மூடிவிடுவதில்லை. சில நாட்களுக்கு அது கல்லீரலை நோக்கிப் போகும் திறந்த வழி. ஈரமாக வைத்து அதில் எதையாவது தடவினால் கிருமி அந்த வழியில் உள்ளே போகும். காற்றாட உலர விட்டால் கருத்துச் சுருங்கி, பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினைந்து நாளுக்குள் தானே விழுந்துவிடும். எனவே எதையும் தடவ வேண்டாம். நாப்கினைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்ட வேண்டும். மூத்திரம் பட்டால் சுத்தமான தண்ணீரில் துடைத்து ஒற்றி எடுத்தால் போதும். கங்காருவில் தாயின் வயிற்றில் அது படுவதால் கெடுதல் இல்லை. நேபாளம், வங்கதேசம் போன்ற இடங்களில் வீட்டுப் பிரசவத்தில் குளோர்ஹெக்ஸிடின் தடவியது உயிர்களைக் காத்தது. ஆனால் சாம்பியாவிலும் பெம்பா தீவிலும் நடந்த ஆய்வுகளில் அப்படிப் பலன் தெரியவில்லை. தீங்கான பொருட்களைக் கொடியில் தடவும் பழக்கம் பரவலாக இருக்கும் இடங்களுக்கு மட்டும்தான் இப்போது அதைப் பரிந்துரைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு உலர்ந்த தொப்புளே போதும்.

நம் பாட்டிமார் மஞ்சளும் விளக்கெண்ணெயும் விபூதியும் வைப்பார்கள். அவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது தாயிடம் மட்டும் சொல்லி அனுப்பினால் அந்தப் பேச்சு வீட்டு வாசலோடு நின்றுவிடும். குளிப்பாட்டப்போவது பாட்டி. அவரைக் கூப்பிட்டுக் கொடியைக் காட்டிச் சொல்ல வேண்டும்: ‘ஆச்சி, இது காஞ்சு தானே விழும். சுத்தித் தோல் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, வாடை அடிச்சாலோ அன்னிக்கே தூக்கிட்டு வாங்க.’ தானே விழப்போகும் காய்ந்த கொடியில் ஒரு சின்ன வாடை இருக்கலாம், சிவப்பு தோலுக்குப் பரவுவதுதான் ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பவுடர் டப்பாவைப் பரிசாகக் கொண்டுவரும் நம் ஊழியர்களிடமும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொடியில் நாம் செய்யும் தவறு அவசரம். அழும் குழந்தையின் கொடியை ஒரு நிமிடமாவது கழித்துத்தான் கிளாம்ப் போட வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு அந்த ஒரு நிமிட ரத்தம் பெரிய சொத்து. சிசேரியனிலும் இது முடியும். தியேட்டர் ஏசியை 25 டிகிரிக்குக் குறையாமல் வைத்து, குழந்தையைத் துடைத்துச் சூடான துணியில் போர்த்திக்கொண்டே காத்திருக்கலாம். வியர்க்கிறது என்று அறுவை செய்பவர்கள் சொல்வார்கள். வியர்க்கட்டும்.

வீட்டுக்குப் போன பிறகு என்ன? பத்து நாளில் 1,700 கிராமோடு ஒருவன் வீடு போனால் கங்காரு அங்கேயும் தொடர வேண்டும். 1.5 கிலோவிலிருந்து 2.25 கிலோ வரை எடையுள்ள எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து ஹரியானாவில் நடந்த ஆய்வில், வீட்டில் கங்காரு சொல்லிக் கொடுத்துத் தொடர்ந்து போய்ப் பார்த்ததில் முதல் மாத இறப்பு முப்பது சதவீதம் குறைந்தது. அதற்கு யாராவது போய்ப் பார்க்க வேண்டும். நம் ஊரில் தலைப்பிரசவம் தாய் வீட்டில். பெண்ணின் கர்ப்பத்தைப் பதிந்த பிக்மி எண்ணும் பதிவும் புகுந்த வீட்டு ஊரின் கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும். குழந்தையோ இன்னொரு மாவட்டத்தில் அம்மா வீட்டில் இருக்கும். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் போய்ப் பார்க்க வேண்டியவர் யார் என்று இருவருக்கும் தெரியாமல் அந்த நாட்கள் கழிந்துவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘குழந்தை இப்போது போகும் முகவரி’ என்று ஒரு கட்டம் சேர்த்து, அந்த ஊர்ச் செவிலியரின் தொலைபேசிக்கு அன்றே தகவல் போகும்படி செய்தால் போதும். எடை எவ்வளவு, எத்தனை மணி நேரம் நெஞ்சில் வைத்திருக்கிறாள், மார்பில் குடிக்கிறதா, சங்கில் புகட்டுகிறாளா, தொப்புளைச் சுற்றிச் சிவப்பு உண்டா, மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டுகிறதா, பாதம் சில்லிட்டிருக்கிறதா என்று அவர் பார்த்துவிட்டு வருவார். குடித்துக்கொண்டிருந்த குழந்தை குடிக்க மறுத்தால் காய்ச்சலுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டும் வருவார். சின்னக் குழந்தைக்குத் தொற்று வந்தால் சுடுவதைவிடக் குளிர்வதே அதிகம்.

முதலில் ஒரே ஒரு மருத்துவமனையில் செய்து பாருங்கள். பன்னிரண்டு கட்டில் போதும். 1.8 கிலோவுக்குக் கீழே, தானாக மூச்சு விடும் குழந்தைகளிலிருந்து தொடங்குங்கள். மகப்பேறு பிரிவிலிருந்து ஷிஃப்ட்டுக்கு ஒரு செவிலியரை அந்த அறைக்கென்று ஒதுக்குங்கள். வார்மர்களை எடுத்துவிட வேண்டாம். தாய் குளிக்கப் போகும்போதும் ஊசி போடும்போதும் அவை தேவைப்படும்.

கட்டில் வருவதற்கு முன்பே, செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பச்சிளம் குழந்தை இறப்பு ஆய்வுப் படிவத்தில் நான்கு வரிகளைச் சேர்க்க ஆணையிடுங்கள்: பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது உடல் வெப்பம், தாயின் தோலில் முதன்முதலில் வைத்த நேரம், முதல் தாய்ப்பால் கிடைத்த நேரம், இறப்பதற்கு முந்தைய நாள் வரை தினமும் கங்காருவில் இருந்த மணிகள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் ‘குறைமாதம்’ என்று வாசித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பும்போது, இந்த நான்கு வரிகளையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.